வயிற்று நீரில் ஒளிந்திருக்கும் தொற்று: எஸ்.பி.பி.யைக் கண்டுபிடித்து, சரிசெய்து, திரும்ப வராமல் தடுப்பது எப்படி?

கல்லீரல் வார்டில் முதன்முறையாக டியூட்டிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிரோசிஸ் நோயாளியின் வயிற்றில் தேங்கிய நீரில் தானாகவே பாக்டீரியா தொற்று வருவதற்கு ஸ்பான்டேனியஸ் பாக்டீரியல் பெரிட்டோனைட்டிஸ் என்று பெயர்; அதைத்தான் எஸ்.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 'தானாகவே' என்றால், குடலில் ஓட்டையோ வயிற்றுக்குள் சீழ்க்கட்டியோ இல்லாமல் வருவது. ஹெரால்டு கான் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். அந்தக் காலத்தில் இது வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் நல்ல முடிவு கிடைப்பதும் கிடைக்காததும் முதல் சில மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஒரு நோயாளியை வைத்தே முழுவதையும் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 52 வயது. சிரோசிஸ் இருப்பது தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. வயிற்றில் நீர் கோர்த்து, அதற்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். இரவு ஒன்பதரை மணிக்கு மனைவி கூட்டிவந்தார். காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை. "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கார் டாக்டர். சட்டை பட்டனைத் தப்புத் தப்பா மாட்டுறார். சொன்னா கோபம் வருது" என்றார் மனைவி. சிறுநீரும் குறைவாகப் போகிறது என்று போகிறபோக்கில் சொன்னார். ரத்த அழுத்தம் 96/60. வயிற்றை அழுத்திப் பார்த்தால் மெத்தென்றுதான் இருந்தது.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 'பெரிட்டோனைட்டிஸ்' என்றதும் பலகை போல விறைத்த வயிறும், தொட்டால் துடிக்கும் நோயாளியும்தான் மனதில் வரும். எஸ்.பி.பி. அப்படி வராது. நடுவில் லிட்டர் கணக்கில் நீர் நிற்பதால் வயிற்றின் உட்சவ்வுகள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. அதனால் விறைப்பும் இருக்காது. காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தால் நல்லது, உடனே சந்தேகம் வரும். ஆனால் லேசான மனக்குழப்பம், சிறுநீர் குறைவது, கிரியாட்டினின் ஏறுவது, திடீர் வயிற்றுப்போக்கு என்று ஏதோ ஒன்று மட்டும் தலைகாட்டலாம். எந்த அறிகுறியுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே விதி எளிது. வயிற்றில் நீர் உள்ள சிரோசிஸ் நோயாளி எந்தக் காரணத்துக்காக அட்மிட் ஆனாலும், அந்த நீரில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும். காலில் அடிபட்டு வந்திருந்தாலும் சரிதான். ஏற்கெனவே வார்டில் இருப்பவருக்குக் குழப்பமோ, காய்ச்சலோ, கிரியாட்டினின் ஏற்றமோ புதிதாக வந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும்.

இரவோடு இரவாக நீரை எடுங்கள்

நான் பயிற்சியில் இருந்தபோது செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ஒரு நோயாளி இரவில் வந்தார். ஐ.என்.ஆர். 2.3, பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. 'ரத்தம் கசிந்துவிடுமோ' என்று பயந்தேன். பிளாஸ்மா ஏற்றிவிட்டுக் காலையில் எடுக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். பிளாஸ்மா வந்து, ஏற்றி முடித்து, மறுபடி ஐ.என்.ஆர். பார்த்து, நீரை எடுக்கும்போது மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அதற்குள் அவருடைய சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. அதன் பிறகு அவர் மீளவில்லை.

சிரோசிஸில் ஐ.என்.ஆர். ஏறியிருப்பதை வைத்து ரத்தக்கசிவு அபாயத்தைக் கணிக்க முடியாது. உறையச் செய்யும் புரதங்கள் குறையும்போது உறைவதைத் தடுக்கும் புரதங்களும் கூடவே குறைகின்றன. இரண்டும் ஓரளவு சமன்செய்துகொள்கின்றன. சிறு ஊசியால் நீர் எடுப்பதற்கு முன் பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ வழக்கமாக ஏற்றத் தேவையில்லை. பெரிய ரத்தக்கசிவு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது. உடல் முழுவதும் ரத்தம் உறைந்து கசியும் டி.ஐ.சி. நிலை வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும் நிறுத்திப் பெரியவர்களிடம் கேளுங்கள். தாமதத்தின் விலையோ கண்கூடானது. வந்த 12 மணி நேரத்துக்குள் நீர் எடுக்கப்பட்ட எஸ்.பி.பி. நோயாளிகளோடு ஒப்பிட்டால், அதற்குப் பிறகு எடுக்கப்பட்டவர்களிடம் மரணம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

இடம் எது? வயிற்றின் இடது கீழ்ப்பக்கம். இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட்டுப் பாருங்கள். அங்கிருந்து இரண்டு விரல் அளவு மேலே, இரண்டு விரல் அளவு உள்ளே. நடுத்தசையின் மேல் குத்தக் கூடாது, அதன் பின்னால் ரத்தக்குழாய் ஓடுகிறது. பழைய அறுவைத் தழும்பின் பக்கமும் வேண்டாம், அங்கே குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். தோலில் புடைத்துத் தெரியும் நரம்புகளை விட்டு விலகிக் குத்துங்கள். அல்ட்ராசவுண்ட் இருந்தால் வைத்துப் பார்த்துவிட்டே குத்துங்கள்.

இரண்டு பாட்டில்கள், இரண்டு குழாய்கள், ஒரு ஒழுங்கு

நீர் கைக்கு வந்ததும் அதை எதில், எந்த வரிசையில் ஊற்றுகிறோம் என்பதில்தான் பாதி ரிசல்ட் இருக்கிறது. எஸ்.பி.பி.யில் நீருக்குள் இருக்கும் பாக்டீரியா மிக மிகக் குறைவு. ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்று என்ற அளவில்தான் பல நேரம் இருக்கும். சிறு குழாயில் ரெண்டு மில்லி ஊற்றி லேபுக்கு அனுப்பி, அவர்கள் அதிலிருந்து ஒரு துளி எடுத்துத் தட்டில் தடவினால் எதுவும் வளராமல் போவதில் ஆச்சரியமே இல்லை. அதனால்தான் ரத்த கல்ச்சர் பாட்டில்களையே படுக்கையருகில் எடுத்துப்போய், அங்கேயே நிரப்ப வேண்டும் என்கிறோம்.

பாட்டில் மூடியை எடுத்ததும் மேலே இருக்கும் ரப்பர் சுத்தமானது இல்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் சேர்ந்து உள்ளே போகும். தோலைக் குத்திய ஊசியைக் கழற்றிவிட்டுப் புது ஊசி மாட்டுங்கள். காற்றுள்ள பாட்டிலில் 10 மில்லி, காற்றில்லாததில் 10 மில்லி. பிறகு செல் எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாயில் ஊற்றி, நாலைந்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள். புரட்டாவிட்டால் நீர் உறைந்து, செல்கள் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கை பொய்யாகக் குறையும். கடைசியாகப் புரதம், அல்புமின், குளுக்கோஸ், எல்.டி.ஹெச். பார்க்க ஒரு சாதாரணக் குழாய்.

ஊதா மூடிக் குழாயைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். மேசையில் நாலு மணி நேரம் கிடந்தால் நியூட்ரோஃபில்கள் உடைந்து கரையத் தொடங்கும். 'கல்ச்சர் அனுப்பியாச்சு, செல் கவுண்ட் காலையில் வரட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயை உறுதிசெய்வது செல் கவுண்ட்தான். கல்ச்சர் பின்னால் வந்து மருந்தை மாற்ற உதவும், அவ்வளவுதான்.

கணக்கை நீங்களே போடுங்கள்

நம் நோயாளியின் ரிப்போர்ட் இரவு பதினொன்றே காலுக்கு வந்தது. மொத்த வெள்ளணு 640, நியூட்ரோஃபில் 62 சதவீதம், லிம்ஃபோசைட் 30, மற்றவை 8. சிவப்பணு 12,500. எல்லாம் ஒரு கன மில்லிமீட்டருக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தது. எஸ்.பி.பி. உண்டா இல்லையா என்று எந்த லேபும் எழுதித் தராது, நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

பார்க்க வேண்டிய எண் மொத்த வெள்ளணு இல்லை, நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை. அது 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் எஸ்.பி.பி. என்று வைத்துச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

```
640 × 62 ÷ 100 = 397
12,500 ÷ 250 = 50
397 − 50 = 347
```

இரண்டாவது வரி எதற்கு? ஊசி குத்தும்போது ரத்தம் கலந்தால் ரத்தத்தில் உள்ள நியூட்ரோஃபில்களும் கூடவே வந்துவிடும். அவற்றைக் கழிக்க, 250 சிவப்பணுவுக்கு ஒரு நியூட்ரோஃபில் என்று எடுத்துவிடுகிறோம். கழித்த பிறகும் 347. நோய் உறுதி.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் பலர் வழுக்குகிறார்கள். ஒன்று, மொத்தத்தைப் பார்த்துப் பயப்படுவது. மொத்தம் 1,100, அதில் நியூட்ரோஃபில் 15 சதவீதம் என்றால் 165 தான். லிம்ஃபோசைட் மிகுந்த இந்த நீர் எஸ்.பி.பி. இல்லை, காசநோயையோ புற்றுநோயையோ தேட வேண்டும். இரண்டாவது, அலகு. சில இயந்திரங்கள் லிட்டர் கணக்கில் அச்சிடும். 0.25 × 10⁹ என்று இருந்தால் அதுவும் நம் 250 தான். '0.64 தானே, ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட்டை ஓரமாக வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கு 220, 230 என்று கோட்டுக்குக் கீழே நின்றால்? நோயாளிக்குக் காய்ச்சலோ வலியோ குழப்பமோ இருந்தால் கல்ச்சர் வரும்வரை மருந்து கொடுங்கள். நோயாளி நன்றாக இருந்தால் காத்திருந்து, கல்ச்சரில் ஏதாவது வளர்ந்தால் நீரை மறுபடி எடுத்து எண்ணுங்கள். பாக்டீரியா உள்ளே வந்து, உடல் தானாகவே அதைத் துரத்திவிடுவதும் உண்டு. எதிர்வினையே இன்னும் தொடங்காமல் இருப்பதும் உண்டு. எது என்பதை இரண்டாவது எண்ணிக்கைதான் சொல்லும். இதற்கு நேர்மாறாக, நியூட்ரோஃபில் 250-க்கு மேல் இருந்து கல்ச்சரில் ஒன்றுமே வளராவிட்டால், மருந்தை நிறுத்தக் கூடாது. அதுவும் எஸ்.பி.பி.தான்.

குடலில் ஓட்டை இல்லையே?

மருந்தை எழுதும் முன் ஒரு கேள்வி. இது 'தானாகவே' வந்த தொற்றுதானா? குடலில் ஓட்டை விழுந்து நீர் கெட்டிருந்தாலும் நியூட்ரோஃபில் ஏறும். அதை எஸ்.பி.பி. என்று நினைத்து ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் நோயாளி இறந்துபோவார், அவருக்குத் தேவை அறுவை. மறுபக்கம், எஸ்.பி.பி. நோயாளியின் வயிற்றைத் திறந்தால் சிரோசிஸ் அந்த அறுவையைத் தாங்காது.

பிரித்துச் சொல்ல அந்தச் சாதாரணக் குழாய் உதவும். நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 1 கிராமுக்கு மேல், குளுக்கோஸ் 50 மில்லிகிராமுக்குக் கீழ், எல்.டி.ஹெச். ரத்தத்துக்கான இயல்பு அளவின் மேல்வரம்பைத் தாண்டியது. இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் உடனே சி.டி. ஸ்கேன் எடுத்து, அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கல்ச்சரில் இரண்டு மூன்று வகைப் பாக்டீரியா ஒன்றாக வளர்ந்தாலும் அப்படியே. எஸ்.பி.பி.யில் பெரும்பாலும் ஒரே வகைதான் வளரும், ஈ.கோலை, கிளெப்சியெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவைதான் வழக்கமானவை.

நம் நோயாளிக்குப் புரதம் 0.8, குளுக்கோஸ் 104, எல்.டி.ஹெச். குறைவு. ஓட்டைக்கான அறிகுறி இல்லை.

அந்தப் புரதம் 0.8 என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த கதையே அதில்தான் இருக்கிறது. சிரோசிஸில் குடல் சுவர் இளகி, குடலுக்குள் வாழும் பாக்டீரியா நிணநீர்க் கணுக்களுக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் நழுவி வருகிறது. ஆரோக்கியமான கல்லீரல் அதை வடிகட்டிவிடும். இங்கே ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போவதால் பாக்டீரியா தப்பி வந்து வயிற்று நீரில் சேர்கிறது. நீரில் புரதம் குறைவு என்றால் பாக்டீரியாவைப் பிடித்துத் தரும் பாதுகாப்புப் புரதங்களும் குறைவு என்றுதான் பொருள். அப்படிப்பட்ட நீரில் பாக்டீரியா தங்கிப் பெருகிவிடும்.

ஆன்டிபயாடிக் பாதி, அல்புமின் பாதி

வீட்டிலிருந்து நேராக வந்தவர், அண்மையில் மருத்துவமனையில் தங்காதவர், ஆன்டிபயாடிக் சாப்பிடாதவர் என்றால் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் போதும். செஃபோடாக்சிம் 2 கிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது செஃப்டிரையாக்சோன் தினம் 1 முதல் 2 கிராம், நரம்பு வழியாக. 5 முதல் 7 நாள். ஐந்து நாள் கொடுத்ததும் பத்து நாள் கொடுத்ததும் ஒரே பலனைத் தந்தன என்று 1991-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

வார்டில் இருக்கும்போதே தொற்று வந்தவருக்கு இது போதாமல் போகலாம். அங்கே சுற்றும் பாக்டீரியா இந்த மருந்துகளுக்குப் பழகியிருக்கும். அவர்களுக்குப் பைப்பராசிலின்-டாசோபாக்டம், நிலைமை மோசமாக இருந்தால் மெரோபெனெம் என்று தொடங்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் மருத்துவமனையின் கல்ச்சர் முடிவுகளைப் பொறுத்தது. மைக்ரோபயாலஜி பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்றவற்றின் பக்கமே போகாதீர்கள். சிரோசிஸ் சிறுநீரகம் அதைத் தாங்காது.

நம் நோயாளிக்குச் செஃப்டிரையாக்சோன் முதல் டோஸ் பதினொன்றரைக்குப் போனது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் எஸ்.பி.பி.யில் பாக்டீரியா செத்த பிறகும் நோயாளி இறப்பது சிறுநீரகத்தால். தொற்று ரத்தக்குழாய்களை இன்னும் தளர்த்துகிறது. ஏற்கெனவே குறைவாக இருக்கும் ரத்த ஓட்டம் சிறுநீரகத்துக்குப் போய்ச்சேருவதில்லை. அதை நிறுத்துவது அல்புமின். 1999-ல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில் 126 நோயாளிகள் இருந்தார்கள். ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் கெட்டது; அல்புமினும் சேர்த்துப் பெற்றவர்களில் 10 சதவீதம். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முதல் பிரிவில் 29 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். ஒரு பாட்டில் திரவத்தால் இவ்வளவு வித்தியாசம் வருவது அபூர்வம்.

அளவு இதுதான். முதல் நாள் ஒரு கிலோ எடைக்கு 1.5 கிராம், நோய் உறுதியான 6 மணி நேரத்துக்குள். மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம். நம் நோயாளி எடை மேடையில் 68 காட்டினார். வயிற்று நீரைக் கழித்தால் 60 இருக்கும் என்று கணித்தேன், அதைத்தான் கணக்குக்கு எடுத்தேன். 20 சதவீத அல்புமினில் 100 மில்லிக்கு 20 கிராம் இருக்கிறது.

```
முதல் நாள்: 60 × 1.5 = 90 கிராம் = 450 மில்லி
மூன்றாம் நாள்: 60 × 1 = 60 கிராம் = 300 மில்லி
```

கிரியாட்டினின் 1-க்கு மேல், யூரியா நைட்ரஜன் 30-க்கு மேல், அல்லது பிலிரூபின் 4-க்கு மேல் உள்ளவர்களுக்குப் பலன் மிக அதிகம். இவருக்குக் கிரியாட்டினின் 1.5, போன மாதம் 0.9 தான் இருந்தது. பிலிரூபின் 4.6. தயங்க எதுவும் இல்லை.

அல்புமின் ஓடும்போது நோயாளியை விட்டுப் போய்விடாதீர்கள். அது நீரை ரத்தக்குழாய்க்குள் இழுக்கும், அதிகமானால் நுரையீரலில் நீர் கோர்க்கும். மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் மணிக்கு ஒருமுறை பாருங்கள். நுரையீரலின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேளுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கினால் அல்புமினை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

கூடவே மருந்துச் சீட்டைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். நீர் போக்கும் மாத்திரைகளைக் கிரியாட்டினின் சரியாகும்வரை நிறுத்துங்கள். உணவுக்குழாய் நரம்புகளுக்காகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கரை, மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனாலோ சிறுநீரகம் தடுமாறினாலோ தற்காலிகமாக நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை ஏதாவது இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். இவர் முழங்கால் வலிக்காக ஒரு வாரமாக வலி மாத்திரை சாப்பிட்டிருந்தார். மனைவியின் கைப்பையிலிருந்துதான் அந்த அட்டை வெளியே வந்தது.

48 மணி நேரத்தில் மறுபடியும் ஒரு ஊசி

மூன்றாம் நாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பட்டன் சரியாக மாட்டியிருந்தது. இருந்தாலும் நீரை மறுபடி எடுத்தோம். நோயாளி நன்றாகத் தெரிகிறார் என்பதற்காக எல்லோருமே இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் எண்ணிக்கை குறையவில்லை என்று தெரிந்தால் மருந்தை மாற்ற நமக்கு ஒரு நாள் மிச்சமாகும்.

முதல் எண்ணிக்கையிலிருந்து குறைந்தது 25 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். இவருக்கு மொத்தம் 260, நியூட்ரோஃபில் 30 சதவீதம். அதாவது 78. 347-லிருந்து முக்கால் பங்குக்கும் மேல் இறங்கிவிட்டது. கல்ச்சரில் ஈ.கோலை, செஃப்டிரையாக்சோனுக்கு அடங்கும் வகை. மூன்றாம் நாள் அல்புமினைக் கொடுத்தோம். கிரியாட்டினின் ஐந்தாம் நாள் 1.0.

இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, அல்லது நாம் தவறவிட்ட குடல் ஓட்டை. கல்ச்சரைப் பார்த்து மருந்தை மாற்றுங்கள், சி.டி. எடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்

இங்கேதான் எனக்கு மிகப் பெரிய கவலை. ஏழு நாள் போராடிக் காப்பாற்றிய நோயாளி, டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி விடுபட்டதால் மூன்று மாதத்தில் அதே நோயோடு திரும்பி வருவார். நோயைத் தந்த குடலும் நீரும் அப்படியேதான் இருக்கின்றன. தடுப்பு மருந்து இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேருக்குத் திரும்ப வரும். 1990-ல் வெளியான ஆய்வில், தினம் ஒரு நார்ஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம் கொடுத்தபோது அந்த வாய்ப்பு 68 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

ஆகவே ஆன்டிபயாடிக் ஊசி முடிந்த மறுநாளே, இடைவெளி விடாமல், தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். நார்ஃப்ளாக்சசின் கிடைக்காத இடங்களில் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் தினம் ஒன்று. கல்ச்சரில் வளர்ந்த பாக்டீரியா இந்த மருந்துகளுக்கு அடங்காது என்று வந்திருந்தால், அதையே தடுப்புக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கோ-டிரைமாக்சசோலுக்கு அடங்கினால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறும். ஒரு வாரத்துக்குள் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. நார்ஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் பால், கால்சியம், இரும்பு மாத்திரை, அமிலத்தைக் குறைக்கும் வெள்ளை மருந்து இவற்றோடு சேர்ந்தால் குடலில் உறிஞ்சப்படாது. 'காலையில் பாலோடு சாப்பிடுகிறேன்' என்று நல்லபிள்ளையாகச் சொல்பவருக்குத் தடுப்பே கிடைத்திருக்காது. வெறும் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக என்று சீட்டிலேயே எழுதுங்கள். குதிகாலுக்குப் பின்னால் நரம்பு இழுத்து வலித்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். இந்த வகை மருந்து தசைநாரைப் பாதிக்கும்.

எவ்வளவு நாள் சாப்பிட வேண்டும்? வயிற்று நீர் முழுவதும் வற்றும்வரை, அல்லது கல்லீரல் மாற்று அறுவை நடக்கும்வரை. ஒரு மாதத்தோடு முடியும் கோர்ஸ் இல்லை இது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கும் யாராவது 'இவ்வளவு நாள் ஆன்டிபயாடிக் எதுக்கு?' என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வளரும் என்பதும் உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் கொடுக்காமல், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம்.

ஒருமுறைகூட எஸ்.பி.பி. வராதவர்களில் இரண்டு வகையினர் அப்படிப்பட்டவர்கள். உணவுக்குழாய் நரம்பு வெடித்து ரத்த வாந்தி எடுத்து வருபவர்கள்; அவர்களுக்குச் செஃப்டிரையாக்சோன் தினம் 1 கிராம், அதிகபட்சம் 7 நாள். அடுத்து, நீரில் புரதம் 1.5 கிராமுக்குக் கீழே இருந்து, சிறுநீரகமோ கல்லீரலோ ஏற்கெனவே கணிசமாகத் தளர்ந்தவர்கள். இவர்களுக்கு நீண்ட நாள் தடுப்பு கொடுப்பது பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், கல்லீரல் நிபுணரோடு பேசுங்கள்.

நம் நோயாளியின் சீட்டில் இன்னொரு மருந்தும் இருந்தது. நெஞ்செரிச்சலுக்காக என்றோ தொடங்கிய பான்டோபிரசோல், யாரும் நிறுத்தவில்லை. வயிற்று அமிலம் குறைந்தால் குடலில் பாக்டீரியா பெருகும். காரணம் இருந்தால் தொடரட்டும். இவருக்கு எரிச்சல் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அடித்துவிட்டோம்.

அப்புறம் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதம். எஸ்.பி.பி. வந்து தேறியவர்களில் ஒரு வருடம் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரைதான். தொற்று சரியாகிவிட்டாலும் கல்லீரல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை இந்த நோய் காட்டிக்கொடுத்துவிட்டது. தகுதி உண்டா இல்லையா என்பதை மாற்று சிகிச்சைக் குழு சொல்லட்டும். ஆனால் அவர்களிடம் அனுப்புவது டிஸ்சார்ஜ் நாளிலேயே நடக்க வேண்டும், அடுத்த விசிட்டுக்குத் தள்ள வேண்டாம்.

எட்டாம் நாள் காலை அவரை அனுப்பினோம். மனைவியிடம் சீட்டைக் கொடுத்து, கீழே கையால் எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன்: 'காய்ச்சல் இல்லாவிட்டாலும், பேச்சு தடுமாறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அன்றைக்கே வரவும். வந்ததும் வயிற்று நீரைச் சோதிக்கச் சொல்லவும்.' அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "பட்டன் தப்பா மாட்டினாலும் வரலாமா டாக்டர்?" என்று கேட்டார். சீட்டைத் திரும்ப வாங்கி அதையும் எழுதிக் கொடுத்தேன்.